கீழே இருந்த எண்

வேலாமணி கட்டபெட்டுக்கு வந்தது கல்யாணமான மறுநாள். காரமடையிலிருந்து பஸ். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வாந்தி. கொஞ்சம் இறங்கிக் காற்று வாங்கட்டும் என்று கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினால் திரும்பக் கீழே போய்விடுவேன் என்று சொல்லி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்ததில்லை.

முதலில் சிறு விவசாயிகளின் தோட்டங்களில் கூலிக்கு இலை எடுத்தாள். பிறகு, கணவன் ஆறுக்குட்டி வேலை செய்த தேயிலை ஆலையின் வாசலில் ஒரு தகரக் கொட்டகை போட்டு டீ, போண்டா, வர்க்கி விற்றாள். லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆலையில் சொன்னார்கள். கொட்டகையை இரண்டடி நகர்த்தினாள். மறுபடியும் சொன்னார்கள். இன்னும் இரண்டடி. மூன்றாம் முறை யாரும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நடந்த காலத்தில், அவள் தலையைக் கண்டதும் எழுத்தர் எழுந்து டீ குடிக்கப் போவார். அவள் கடையில்தான் போய் உட்காருவார். அங்கேயும் அவள் வந்துவிடுவாள். குழாய் வந்தது.

ஆறுக்குட்டி நேர் எதிர். சிரிக்கவும் சிரிக்கவைக்கவும் தெரிந்தவர். ஆலையில் இலையை உலர்த்தும் எந்திரத்துக்குச் சூடான காற்று தருகிற பெரிய விறகு அடுப்பு அவர் பொறுப்பு. கட்டைகளைத் தூக்கி உள்ளே தள்ள வேண்டும், சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு தப்பினால் தூள் கருகும், அல்லது ஈரம் நிற்கும். இருபத்தாறு வருஷம் அந்த அடுப்பு அவர் கையில் இருந்தது. வெளியே எலும்பை நடுக்குகிற குளிர் அடிக்கும்போதும் அவர் மட்டும் பனியனோடு நிற்பார். அந்தக் கம்பீரம் அவருக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதம் அந்த அடுப்பின் முன்னால்தான் விழுந்தார். நெஞ்சை அடைத்தது, வியர்த்தது. அடுப்புச் சூடு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். வேலாமணி இலை லாரியின் முன் இருக்கையில் அவரைச் சாய்த்துக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து கோயமுத்தூர். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு. அதை விரித்துச் சிறு ஸ்பிரிங் வைத்தார்கள்.

கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போனபோது ஃபெபி என்ற நர்ஸ் அவளை உட்காரவைத்துப் பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். திருப்பூரில் இருக்கும் மகள் ஷண்முகப்ரியா பேட்டரியில் ஓடுகிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள்.

"அம்மா, இங்க எல்லாரும் பண்ணுற தப்பு ஒண்ணு சொல்றேன்," என்றாள் ஃபெபி. "குளிருதுன்னு ஸ்வெட்டர் மேலயே பட்டையைச் சுத்துவாங்க. இல்லாட்டி கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விடுவாங்க. சுருட்டினது கயிறு கட்டின மாதிரி இறுக்கும். ரெண்டுமே பொய் சொல்லும். ஸ்வெட்டரிலிருந்து அந்தக் கையை மட்டும் வெளிய எடுங்க. மிச்சத்தைப் போர்த்தி விடுங்க."

"சரிங்க கண்ணு."

"அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். அதுக்கு முன்னால அரை மணி நேரம் டீ, காபி வேண்டாம். பேசக் கூடாது."

"அதுதான் கஷ்டம்," என்றாள் வேலாமணி, கணவனைப் பார்த்து.

"மூணு நம்பர் வரும். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. அது பிரஷர். கீழ இருக்கறது நாடித் துடிப்பு. போன் பண்ணினா மூணையும் சேர்த்துத்தான் எங்கிட்டச் சொல்லணும்."

முதல் வருஷம் அப்படியே செய்தார்கள். நூற்று இருபத்தெட்டு, எழுபத்தெட்டு, அறுபத்தொன்று. நூற்று இருபத்தாறு, எண்பது, அறுபத்து மூன்று. எப்போது பார்த்தாலும் இதையொட்டித்தான் வரும். ஒரே மாதிரி வருவதை எவ்வளவு நாள் மனிதர் உற்றுப் பார்ப்பார்கள்? இரண்டாம் வருஷத்தில் வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. மேலே உள்ள எண்ணைப் பார்த்ததும் 'நல்லா இருக்குது' என்று பட்டையைக் கழற்றுவது பழக்கமாயிற்று. ஆலையில் அவரை மறுபடி சேர்த்தபோது அடுப்பு கொடுக்கவில்லை. தூள் சலிக்கும் இடத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது வேலையாகவே படவில்லை.

பிறகு இலை விலை விழுந்தது. முன்பும் விழுந்திருக்கிறது. இந்தமுறை எழுந்திருக்கவில்லை. விவசாயிகள் இலை எடுக்கிற கூலிக்கே கட்டுபடி ஆகவில்லை என்று செடியைக் காடாக விட்டார்கள். ஆலை வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு இரண்டு, பிறகு கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். வாசலில் ஆள் இல்லாவிட்டால் வேலாமணி கடையில் டீ குடிக்க யார் இருக்கிறார்கள்? அவள் வீட்டுச் செலவை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பாலைக் குறைத்தாள். கேபிளை வெட்டினாள்.

அவளுக்கும் பிரஷர் உண்டு. அவளுடைய மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போவார். அந்த முறை மழைக்காலம் என்று கூடுதலாக ஒரு மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஆறுக்குட்டியின் மாத்திரைகளில் இரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. அந்தக் கடைசி ஒன்று மட்டும் கோத்தகிரி மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அது தீர்ந்த அன்று வேலாமணி ஒரு முடிவுக்கு வந்தாள். ரெண்டும் பிரஷர் மாத்திரை. தன்னிடம் கூடுதலாக இருக்கிறது. அவருக்கும் அதையே கொடுக்கலாம்.

கொடுத்தாள். வாரக் கடைசியில் பிரஷர் பார்த்தாள். நூற்று இருபத்தாறு. தன் யோசனை பலித்தது என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் போனது. பக்கத்து ஆலை ஒன்று அடியோடு மூடிக்கொண்டது. அங்கே போய்க்கொண்டிருந்த இலை இங்கே திரும்பியது. மேனேஜர் பாலசுப்பிரமணியம் ஒரு வியாழக்கிழமை ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை முதல் இரண்டு ஷிப்ட். அடுப்புக்கு ஆள் வேண்டும். எல்லப்பன் ஒருவன்தான் இருக்கிறான், அவனால் இரண்டு ஷிப்ட் பார்க்க முடியாது. ஆறுக்குட்டி பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு வந்து தன் கண்ணெதிரே பார்த்துக் காட்டட்டும். சரியாக இருந்தால் அடுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

ஆறுக்குட்டி அன்று சாயங்காலமே ஒத்திகை பார்த்தார். கையில் பட்டை உப்பி இளகியது.

"நூத்தி இருபத்தாறு, எண்பது! பாத்தியா அம்மிணி? கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இப்படி இருக்காது."

வேலாமணி மெஷினை எடுத்து வைக்க வந்தாள். திரை அணைவதற்குமுன் கீழே இருந்த எண் கண்ணில் பட்டது. தொண்ணூற்றாறு.

"ஏனுங்க, கீழ தொண்ணூத்தாறுன்னு காட்டுதுங்க."

"நூத்துக்குத் தொண்ணூத்தாறா? நான் பள்ளிக்கூடத்துல வாங்காத மார்க்கு."

"வெளையாடாதீங்க. முன்னால அறுபதுதானுங்க வரும்."

"இப்பத்தான் கூரைத் தகரத்துமேல கல்லு தூக்கி வெச்சுட்டு எறங்கினேன். ஒரு டீ குடிச்சேன். துடிக்காம என்ன பண்ணும்? துடிக்கலீன்னாத்தான் நீ அழோணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருமுறை பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் மறுநாள் காலையில் தொடங்கினாள்.

எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். டீ கொடுக்கவில்லை. கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். சிமெண்டுத் தரையின் சில்லிப்பு காலில் ஏறாமலிருக்கச் சாக்கை மடித்துப் போட்டாள். ஸ்வெட்டரிலிருந்து இடது கையை வெளியே எடுத்து, மிச்சத்தைத் தோளில் போர்த்தினாள். மேசைமேல் கம்பளியை மடித்து வைத்து, கை நெஞ்சு உயரத்துக்கு வருமாறு அதன்மேல் கிடத்தினாள்.

"டீயாவது குடு. குத்தவாளிக்குக்கூடத் தருவாங்க."

"பேசாதீங்க."

"பேசலே."

"இப்பப் பேசினீங்க. மறுபடி மொதல்ல இருந்து அஞ்சு நிமிஷம்."

நூற்று இருபத்தெட்டு, எண்பது. கீழே தொண்ணூற்று நான்கு. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. நூற்று இருபத்து நான்கு, எழுபத்தெட்டு. தொண்ணூற்றிரண்டு.

சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன். தொண்ணூற்றேழு. மறுநாள் காலை, சாயங்காலம். மேலே உள்ள எண் இருந்த இடத்திலேயே நின்றது. கீழே உள்ளது தொண்ணூறுக்கு இறங்க மறுத்தது.

மெஷின் கெட்டுவிட்டதோ என்று தன் கையில் கட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுபத்திரண்டு. அவளுக்கு எப்போதும் வருவதும் அதையொட்டித்தான். அப்படியும் அவளுக்குத் திருப்தி இல்லை. அவர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க்கடிகாரத்தின் சிவப்பு முள் அரைச் சுற்று சுற்றும்வரை எண்ணினாள். நாற்பத்தேழு. இரட்டித்தால் மெஷின் சொன்னதுதான். துடிப்பு தாளம் தப்பவில்லை. சீராக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குள் யாரோ மேடு ஏறிக்கொண்டிருப்பதுபோல.

"காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதாங்க?"

"இல்லே."

"படபடன்னு வருதா?"

"உன்னப் பாத்தாத்தான் வருது. முப்பது வருசமா."

மெஷின் பழைய எண்களை ஞாபகம் வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பொத்தானை அழுத்தி அழுத்திப் பின்னால் போனாள். தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு. அதற்கு முந்தின வாரம் தொண்ணூற்றொன்று. அதற்கு முன் எண்பத்தொன்பது. அதற்கு முன் அறுபத்திரண்டு. அங்கே நிறுத்தினாள். அறுபத்திரண்டுக்கும் எண்பத்தொன்பதுக்கும் நடுவில் வீட்டில் என்ன மாறியது? பால் குறைந்தது, கேபிள் போனது.

மாத்திரையும்.

அவள் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்து தன் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே வந்தாள்.

"ஏனுங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்."

ஆறுக்குட்டி நிமிர்ந்து பார்த்தார். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை.

"என்னது?"

"உங்க மாத்தரையும் என்ற மாத்தரையும் ஒண்ணில்லீங்க. இது பிரஷரைப் புடிச்சு வெச்சிருக்குது. துடிப்பைப் புடிக்கலீங்க. அதனாலதான் மேல இருக்கறது மாறல. கீழ இருக்கறது அவுந்து ஓடுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்கு ஆலைக்குப் போறேன்."

"போகக் கூடாதுங்க."

"வேலா, கேளு." அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசமா வாசப்படியில நாயாட்டம் உக்காந்திருக்கறேன். இப்ப அவனே கூப்புடறான். நாளைக்குப் போகலீன்னா அந்த அடுப்பை வேற எவனாவது எடுத்துக்குவான். அப்புறம் என்ற காலத்துல திரும்ப வராது. அவன் கேக்கறது பிரஷரு. பிரஷரு நல்லா இருக்குது. கீழ இருக்கறத எவனும் கேக்கல."

"நான் கேக்கறனுங்க."

காலையில் அவள் விழித்தபோது மெஷினும் இல்லை, அவரும் இல்லை.

ஆலை வாசலில் இலை லாரிகள் நின்றன. மேனேஜரின் அறையில் ஆறுக்குட்டி கையில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டரிலிருந்து கையை வெளியே எடுத்திருந்தார். அவள் செய்த முறைப்படியே செய்திருக்கிறார் என்பதை வேலாமணி கதவருகிலிருந்தே பார்த்தாள். எல்லப்பன் சுவரோரம் நின்றான்.

"நூத்தி முப்பது, எண்பத்திரெண்டு," என்று பாலசுப்பிரமணியம் படித்தார். "நல்லாத்தானே இருக்கு ஆறுக்குட்டி! எனக்கே நூத்தி நாப்பது."

"கீழ இருக்கறதையும் படிங்க சார்," என்றாள் வேலாமணி.

எல்லப்பன் மெல்ல, "வந்துட்டாங்கடா, டாக்டரு," என்றான்.

"டாக்டரு நானில்ல. உன்ற வாயை மூடு, எல்லப்பா. படிங்க சார்."

"தொண்ணூத்தெட்டு. அது துடிப்புதானேம்மா. ஏத்தம் ஏறி வந்திருக்கார்."

"ஏத்தம் ஏறாம மூணு நாளாப் பாத்திருக்கறனுங்க. வெடியால டீ குடிக்காம, பேசாம. பழசு மெஷினுக்குள்ளயே இருக்குதுங்க, அமுக்கிப் பாருங்க. ஒரு மாசத்துக்கு முன்னால இதே பிரஷருக்கு அறுபத்திரெண்டு. நான் மாத்தரைய மாத்திக் குடுத்துட்டனுங்க. அதுதான்."

பாலசுப்பிரமணியம் மெஷினைக் கையில் வாங்கினார். பொத்தானை அழுத்தவில்லை. ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்தார். இலை வாடி முடிந்து அரைக்கப்பட்டால் அடுப்புக்காகக் காத்திருக்காது. எடுத்த இலை ஒரு நாள் கிடந்தால் குப்பை.

"எனக்கு ராத்திரி ஷிப்டுக்கு ஆள் இல்லேம்மா."

"தெரியுமுங்க."

"இவர் இல்லைன்னா வெளியில இருந்து கூட்டிட்டு வரணும். வந்தவனை அப்புறம் போகச் சொல்ல முடியாது."

"தெரியுமுங்க சார். இவுரு அடுப்பு முன்னால விழுந்தப்ப லாரியில தூக்கிப் போட்டுட்டுப் போனது நானுங்க. இன்னொருக்கா லாரி வேண்டாம்."

ஆறுக்குட்டி பட்டையைப் பிய்த்தெடுத்தார். அந்தச் சத்தம் அறைக்குப் பெரிதாக இருந்தது.

"உனக்கு இப்பச் சந்தோசமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மேனேஜர் மெஷினை உறையில் போட்டுக் கொடுத்தார். "டாக்டர் எழுதிக் குடுத்தா வாங்க," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா நடுவயதுக்காரர். நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். மெஷினின் பழைய எண்களை வேலாமணி அழுத்தி அழுத்திக் காட்ட, அவர் ஒரு தாளில் மேல் எண்ணையும் துடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.

"புதுசா அட்டாக் எதுவும் வந்ததுக்கு அடையாளம் இல்லை. துடிப்பு வேகம்தான், ஒழுங்காத்தான் இருக்கு. ரத்தசோகை, தைராய்டுன்னு வேற காரணம் இருக்கான்னு ரத்தத்துல பார்த்துக்கறேன். ஆனா எனக்குத் தெரிஞ்சு காரணம் நீங்க சொன்னதுதான்."

"ரெண்டும் பிரஷர் மாத்தரைன்னு நெனச்சுட்டனுங்க."

"நிறைய பேர் நினைக்கறாங்க. இவருடையது இதயம் ஓடற வேகத்தைப் பிடிச்சு வைக்கிற மாத்திரை. அதுக்காகத்தான் எழுதினது. அட்டாக் வந்தவங்க இதைத் திடீர்னு நிறுத்தினா, அமுக்கி வெச்சது துள்ளும். மறுபடி அட்டாக்கில்கூடக் கொண்டுபோய் விடலாம். உங்க மாத்திரை ரத்தக் குழாயைத் தளர்த்தும், பிரஷரை இறக்கும், வேகத்தைப் பிடிக்காது." அவர் குரல் உயர்ந்தது. "தீர்ந்துபோச்சுன்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லையா?"

வேலாமணி மெஷினை உறையில் போட்டாள்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே," என்றார் ஆறுக்குட்டி. "பிரஷரு நல்லாத்தானுங்க இருக்குது."

டாக்டர் தாளை அவர் பக்கம் திருப்பினார். "இது போன மாசம். நூத்தி இருபத்தெட்டு, துடிப்பு அறுபத்திரெண்டு. பெருக்கினா எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இது வெள்ளிக்கிழமை. அதே நூத்தி இருபத்தெட்டு, துடிப்பு தொண்ணூத்தி நாலு. பன்னெண்டாயிரம். உங்க இதயம் சும்மா உக்காந்திருக்கறப்பவே ஒண்ணரை மடங்கு வேலை செய்யுது. பிரஷரை மட்டும் பார்த்தா ரெண்டு நாளும் ஒரே நாள். இதோட நீங்க கட்டை வேற தூக்கினா?"

அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் எவ்வளவு விறகு போட்டால் எவ்வளவு சூடு என்று தெரிந்தவருக்கு அந்தக் கணக்கு புரியாமலிருக்க முடியாது.

"அப்ப எனக்கு மறுபடி வருமுங்களா?"

"அதை இந்த நம்பர் சொல்லாது. இது ஜோசியம் இல்லை. நூறு நூறு பேரா வருஷக்கணக்கா பார்த்ததுல தெரிஞ்சது இதுதான்: ஒரே பிரஷர் இருக்கறவங்கள்ல, வீட்டுல காலையில அமைதியா இருக்கறப்பவே துடிப்பு வேகமா இருக்கறவங்களுக்கு இதயக் கோளாறு அதிகமா வருது. ஒரு நாள் வேகமா இருந்தா ஒண்ணும் இல்லை. மூணு நாலு நாள் காலையும் மாலையும் இறங்கலேன்னா கேக்கணும். உங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கு. அதனால சீக்கிரம் கேக்கணும்." பிறகு, "படி ஏறினா படபடப்பு இருக்கா?" என்று கேட்டார்.

ஆறுக்குட்டி மனைவியைப் பார்க்காமல், "கொஞ்சம் இருக்குதுங்க," என்றார். "ரெண்டு வாரமா."

வேலாமணி அவர் பக்கம் திரும்பினாள். அவர் அந்தப் பார்வைக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்று முழுக்க அங்கேயே படுக்கவைத்துப் பார்த்தார்கள். பழைய மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள், பிறகு ஏற்றலாம் என்றார்கள். வேலாமணியின் மாத்திரை வேலாமணிக்கு மட்டும். நெஞ்சை அடைத்தால், மயக்கம் வந்தால், துடிப்பு ஐம்பதுக்குக் கீழே போனாலும் உடனே வர வேண்டும். அடுப்பு வேலை வேண்டாம். துடிப்பு இறங்கியபின், ஓடும் பட்டைமேல் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் ஓட்டப் பரிசோதனை செய்து பார்த்துத்தான் மற்றது.

வெளியே வரும்போது ஃபெபி, "அங்கிள், அம்மாவைத் திட்டாதீங்க," என்றாள்.

"நான் எங்கம்மா திட்டறது? அதுக்கு வாயி கெடைக்கோணுமே," என்றார் ஆறுக்குட்டி. இரண்டு நாளில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது.

துடிப்பு ஒரே நாளில் இறங்கவில்லை. எண்பத்தேழு. எண்பத்தைந்து. மாத்திரை கூட்டிய வாரம் எழுபத்து நான்கு. மேல் எண் நூற்று இருபத்தைந்தைச் சுற்றியே நின்றது. அதைப் பார்த்து இப்போது யாரும் கொண்டாடவில்லை. பரிசோதனையில் அவர் நடந்தார், ஓடவில்லை. லேசான வேலை பார்க்கலாம், அடுப்பு வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆலையில் ராத்திரி அடுப்பைத் தேவாலாவிலிருந்து வந்த ஒருவன் எடுத்துக்கொண்டிருந்தான். ஆறுக்குட்டிக்கு இலை நிறுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் போய்விட்டு வந்து, "அந்தப் பையன் கட்டையை எப்படித் தள்ளறான்னு பாத்தியா? கோழிக்குத் தீனி போடறாப்பல," என்று சொன்னார். வேலாமணி தட்டில் சோற்றைப் போட்டாள்.

புரட்டாசியில் சிறு விவசாயிகள் மறியலுக்குக் கூப்பிட்டார்கள். இலைக்குக் கட்டுபடியான விலை வேண்டும். கடைகள் அடைப்பு, பஸ் இல்லை. சாலையில் கல்லையும் மரத்தையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை நாள் நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று காலை ஆறுக்குட்டி மாத்திரை அட்டையைத் தானே எடுத்துப் பார்த்தார்.

"அம்மிணி, நாளைக்கு வரைக்குந்தான் இருக்குது."

"எனக்குத் தெரியாதுங்களா. நேத்தே வாங்கியிருப்பேன், நேத்துக் கடையில வரல. இன்னிக்கு வருமுன்னாங்க."

"கடை அடைப்பு."

"ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கற கடைய அடைக்க மாட்டாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

"பஸ்ஸு?"

அவள் ஸ்வெட்டரை மாட்டி, தலையில் மப்ளரைச் சுற்றினாள். கோத்தகிரி மேடும் பள்ளமுமாக நெடுந்தூரம். "நானும் வாரேன்," என்று எழுந்தவரை, "நீங்க ஊட்டுலயே இருங்க. மேடு ஏற வேண்டாம்," என்று உட்காரவைத்தாள்.

முக்குக்கு வந்தபோது சாலை முழுக்க ஆட்கள். சிலர் அவள் கடையில் டீ குடிப்பவர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அய்யாவு என்ற விவசாயி கையைத் தூக்கினார்.

"எங்கீங்க போறீங்க? பஸ்ஸு எதுவும் போகாதுங்க."

"பஸ்ஸை ஆரு கேட்டது? காலை நகத்துங்க."

"உங்களுக்கும் சேத்துத்தானுங்க உக்காந்திருக்கறோம். இலைக்கு வெலை வந்தாத்தான் ஆலை. ஆலை ஓடினாத்தான் உங்க போண்டா."

"உக்காருங்க. நல்லா உக்காருங்க. நான் திரும்பி வந்து நானும் உக்காரறேன். இப்ப என்ற ஊட்டுக்காரருக்கு மாத்தரை வாங்கோணும்."

"ஆறுக்குட்டிக்கா? ஒரு நாள் பொறுத்தா என்னாகுமுங்க? எனக்குந்தான் பிரஷரு. என்ற சட்டைப் பையில இருக்குது, ஒண்ணு தரட்டா?"

வேலாமணி நின்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒருத்தரு மாத்தரைய ஒருத்தருக்குக் குடுத்துப் பாத்துட்டு வந்தவ நானுங்க. அதை உங்க பையிலயே வெச்சுக்குங்க. மறக்காம நீங்க போடுங்க."

அய்யாவு காலை மடக்கினார். மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கினார்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் ஓர் ஆள் போகுமளவு வழி வந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அதைத் தாண்டினாள். அந்தப் பக்கம் வண்டி ஒன்றுகூட இல்லாத சாலை ஈரமாக, வெறுமையாக இறங்கிப் போயிற்று. தேயிலைச் செடிகள் எடுப்பாரில்லாமல் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தன.

"அம்மா, யாராவது பைக்கில விடட்டுமா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"மறியலை மறியலாப் பண்ணுங்க," என்று திரும்பாமலே சொன்னாள்.

இறக்கத்தில் அவள் வேகமாக நடந்தாள்.